அக்கட்ட, இக்கட்ட செல்லாது

சோமனூருக்கும் பல்லடத்துக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் பள்ளிக்கூடம். நான் அங்கே உடற்கல்வி ஆசிரியர். பிள்ளைகளுக்கு பி.டி. சார். சுற்றி நாலு பக்கமும் விசைத்தறிக் குடோன்கள். காலை ஆறு மணிக்குத் தொடங்கும் தறிச் சத்தம் ராத்திரி ஷிப்ட் வரைக்கும் ஓயாது. இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு அது காதில் விழுவதே இல்லை. மாதத்துக்கு ஒரு நாள் மின்வாரியம் பராமரிப்புக்காக கரெண்டை நிறுத்தும்போதுதான் 'என்னமோ குறையுதே' என்று தோன்றும். அன்றைக்குக் குயில் கூவினால் கேட்கும், நாலு வீடு தள்ளி யாரோ இருமினால்கூடக் கேட்கும்.

ஊரே அலுத்துக்கொள்ளும் அந்த நாளுக்காக நானும் எங்கள் ஏழாம் வகுப்பும் காத்துக்கொண்டிருப்போம். எங்களுடைய பெரிய கோல்பால் ஆட்டமெல்லாம் அன்றைக்குத்தான். கோல்பால் என்பது பார்வையற்றோருக்காக உருவான ஆட்டம். பந்துக்குள் மணி இருக்கும். ஆடுகிற எல்லோரும் கண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும், பந்து வருவதைக் காதால்தான் பிடிக்க வேண்டும். தறி ஓடினால் எங்கள் ஊரில் இந்த ஆட்டத்தை ஒழுங்காக ஆட முடியாது.

இதை ஏன் ஆரம்பித்தோம் என்று சொல்ல, அதற்கு முந்தைய டிசம்பர் 3-க்குப் போக வேண்டும். உலக மாற்றுத்திறனாளிகள் நாள். எல்லாப் பள்ளியிலும் நடப்பதுபோல எங்கள் பள்ளியிலும் ஒரு நிகழ்ச்சி வைத்தோம். யோசனை என்னுடையதுதான். பிள்ளைகளின் கண்ணைத் துணியால் கட்டி, வராந்தாவில் ஆளுக்கு ஐந்து நிமிடம் நடக்கவிட்டோம். தூணில் முட்டினார்கள், கத்தினார்கள், சிரித்தார்கள். முடிந்ததும் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதச் சொன்னோம். முக்கால்வாசிப் பேர் எழுதியது ஒன்றேதான்: 'பார்வை இல்லாதவர்கள் ரொம்பப் பாவம். அவர்களால் எதுவுமே செய்ய முடியாது. கடவுள் நமக்குக் கண்ணைக் கொடுத்ததற்கு நன்றி.'

அன்றைக்கு எனக்கு அது நல்ல பலனாகத்தான் பட்டது. பிற்பாடு அமெரிக்க உளவியலாளர் ஏரியல் சில்வர்மன் செய்த ஆய்வைப் பற்றிப் படித்தேன். அவரே பார்வையற்றவர். கண்ணைக் கட்டிக்கொண்டு சில வேலைகளைச் செய்து பார்த்தவர்கள், அப்படிச் செய்யாதவர்களைவிட, பார்வையற்றவர்களின் திறமையைக் குறைத்து மதிப்பிட்டார்கள் என்பதுதான் அவரும் அவருடைய சகாக்களும் கண்டது. வேலை பார்க்க முடியுமா, தனியாக வாழ முடியுமா என்று கேட்டால், சந்தேகம்தான் என்றார்களாம். யோசித்தால் காரணம் விளங்குகிறது. ஐந்து நிமிடம் கண்ணைக் கட்டினவனுக்குத் தெரிவது பார்வை போன முதல் ஐந்து நிமிடம் மட்டும்தான். முப்பது வருடம் அப்படியே வாழ்ந்து, குச்சியைத் தட்டிக்கொண்டு பஸ் ஏறி, கோயமுத்தூர் போய் வேலை பார்த்துவிட்டு வருகிறவரின் அனுபவம் அதில் ஒரு துளியும் இல்லை. நான் நடத்தியது அந்த முதல் ஐந்து நிமிடத்தைத்தான்.

இன்னொன்றும் இருந்தது. அதே வகுப்பில் உண்மையிலேயே பார்வைக் குறைபாடு உள்ள ஒரு பெண் இருந்தாள். அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவளுக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. விழித்திரையின் ஓரத்தில் மங்கல் வெளிச்சத்துக்காக இருக்கும் செல்கள் முதலில் கெட்டுப்போவதால், மாலை மங்கினால் தடுமாற்றம் வரும், பக்கவாட்டுப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். நடுப்பார்வை கடைசிவரை ஓரளவு நிற்கலாம். அதனால் நடு பெஞ்சில் உட்கார்ந்து கரும்பலகையைப் படித்துவிடுவாள். ஆனால் எழுந்து நடந்தால் காலடியில் கிடக்கும் புத்தகப் பையில் இடறி விழுவாள். இது இரண்டும் ஒரே ஆளுக்கு எப்படி நடக்கும் என்று வகுப்புக்குப் புரியவில்லை. 'போர்டு தெரியுது, பை தெரியலியாமா? நடிக்கறா சார்' என்று என்னிடமே வந்து சொன்னார்கள். டிசம்பர் 3 அன்று 'பாவம்' என்று எழுதிய அதே பிள்ளைகள்தான்.

கோல்பாலை எனக்குச் சொன்னவர் வட்டார வள மையத்திலிருந்து வாரம் ஒருமுறை வரும் சிறப்பாசிரியர். 'கண்ணைக் கட்டி நடக்கவிடறதுக்குப் பதிலா, கண்ணைக் கட்டி ஜெயிக்கவிடுங்க சார்' என்றார்.

ஆட்டம் 1946-ல் பிறந்தது. ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஹான்ஸ் லோரென்சனும் ஜெர்மனியைச் சேர்ந்த செப் ரைண்டலும், இரண்டாம் உலகப்போரில் பார்வை இழந்த சிப்பாய்களுக்காக உருவாக்கினார்கள். 1976 டொரன்டோ பாராலிம்பிக்கில் ஆண்களுக்கும், 1984-ல் பெண்களுக்கும் பதக்க ஆட்டமானது. பாராலிம்பிக்கில் பல ஆட்டங்கள் ஏற்கெனவே இருந்த ஆட்டத்தைக் கொஞ்சம் மாற்றிச் செய்தவை. இது பார்வை இல்லாமல் ஆடுவதற்கென்றே புதிதாக யோசித்தது.

களம் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். இரண்டு முனையிலும் களத்தின் முழு அகலத்துக்கும், அதாவது 9 மீட்டருக்கும், கோல். உயரம் 1.3 மீட்டர். ஒரு பக்கத்துக்கு மூன்று பேர். ஒரு பக்கத்தார் பந்தை உருட்டி எறிவார்கள், எதிர்ப்பக்கத்தார் மூன்று பேரும் தரையில் சாய்ந்து உடம்பால் தடுப்பார்கள். தடுத்த பந்தை 10 விநாடிக்குள் திருப்பி எறிய வேண்டும். பந்து நம் பக்கத்துத் தரையிலும் நடுக்களத்திலும் பட்டுத்தான் போக வேண்டும், தலைக்கு மேலே வீசக் கூடாது. கோடுகள் கைக்கும் காலுக்கும் தட்டுப்பட வேண்டும் என்பதற்காக டேப்புக்கு அடியில் ஒரு மெல்லிய கயிறு ஓடும். முழுக்கப் பார்வை இல்லாதவரும் ஓரளவு தெரிகிறவரும் ஒரே அணியில் ஆடலாம். அதனால்தான் எல்லோருக்கும் ஒளி புகாத கண்மூடி கட்டாயம். ஆட்டத்தின் நடுவே அதைத் தொட்டால்கூட பெனால்ட்டி. பெனால்ட்டி என்றால் ஒரே ஆள் நின்று முழுக் கோலையும் காக்க வேண்டியதுதான்.

விதி இவ்வளவுதான். நாங்கள் பட்ட பாடு வேறு.

முதல் பிரச்சினை தரை. எங்கள் மைதானம் சரளை மண். அதில் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தால் முழங்கை கிழியும். ஊர்க் கல்யாண மண்டபத்தில் வழவழப்பான கல் தரை. முகூர்த்தம் இல்லாத நாளில் சும்மாதான் கிடக்கிறது. மண்டபத்துப் பெரியவரிடம் போய்க் கேட்டேன். 'செருப்புப் போடாம வெளையாடுனா செரிங்க வாத்தியாரே' என்றார். வெறுங்கால்தான் எங்களுக்கும் வேண்டும். கோட்டுக்கு அடியில் இருக்கும் சணல் கயிறு வெறுங்காலுக்குத்தான் சட்டென்று தெரியும். பிள்ளைகளுக்கு 18 மீட்டர் அதிகம் என்பதால் 12 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம் வைத்துக்கொண்டோம். இந்த 6 சும்மா வந்த கணக்கு இல்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளை கையைத் தலைக்கு மேல் நீட்டி ஒருக்களித்துப் படுத்தால் கிட்டத்தட்ட 1.8 மீட்டர் அடைக்கும். மூன்று பேருக்கு 5.4. மீதி அரை மீட்டரைத்தான் காது காக்க வேண்டும். 9 மீட்டர் கோலை வைத்தால் ஐந்தில் இரண்டு பங்கு ஓட்டை. ஐந்து நிமிடத்தில் பத்து கோல் வாங்கி வெறுத்துப்போவார்கள்.

பந்துக்கு நாங்கள் செய்த முதல் ஏற்பாடு சரியாக வரவில்லை. பழைய கூடைப்பந்து ஒன்றை அறுத்து, உள்ளே நாலு சலங்கை மணி போட்டு, பஞ்சர் கடையில் ஒட்டு போட்டுக் காற்றடித்தோம். சுற்றளவு ஏறக்குறைய அசல் பந்தேதான். ஆனால் எடை பாதி. அசல் பந்து 1.25 கிலோ, கூடைப்பந்து 600 கிராம் சொச்சம். அதனால் உருளாமல் குதித்துக் குதித்துப் போய் முகத்தில் அடித்தது. சத்தமும் உள்ளுக்குள்ளேயே அமுங்கிவிட்டது. அசல் பந்தில் எட்டு ஓட்டை இருப்பது எதற்கு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மணிச் சத்தம் வெளியே வர வழி வேண்டுமே. அப்புறம் காற்றைப் பாதி இறக்கி, பந்தை ஒரு கேரி பேக்குக்குள் போட்டு இறுக்கிக் கட்டினோம். கல் தரையில் அந்தக் கவர் சரசரவென்று உரசும் சத்தம் மணியைவிட நன்றாகக் கேட்டது. ஒரு பீரியடுக்கு மூன்று கவர் கிழியும், அவ்வளவுதான். முன்னாள் மாணவர்கள் சேர்ந்து அசல் பந்து வாங்கிக் கொடுத்தது இரண்டாவது வருடம்தான்.

கண் கட்டுக்குத் திருப்பூர் கை கொடுத்தது. ஒரு மாணவனின் அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். கருப்புத் துணியில் கட்டிங் வேஸ்ட் ஒரு மூட்டை வந்து இறங்கியது. மூன்று மடிப்பாகத் தைத்து, மூக்குத்தண்டின் இரண்டு பக்கமும் ஒரு சுருள் துணி கூடுதலாக வைத்தோம். ஒளி எப்போதும் மூக்கோரமாகத்தான் நுழையும். ஆளுக்கு ஒன்று, அதில் அவரவர் பெயர், வாரம் ஒருமுறை வீட்டில் துவைத்து வர வேண்டும். ஒருவர் கட்டியதை இன்னொருவர் கட்டினால் மெட்ராஸ் ஐ சீசனில் வகுப்பே காலி. மீந்த துணியில் முழங்கால் பட்டையும் முழங்கை பட்டையும் தைத்துக்கொண்டோம்.

மண்டபத்தில் எதிரொலி இருந்தது. வெறும் சுவர், உயரமான கூரை. பந்து எந்தப் பக்கம் உருளுகிறது என்றே தெரியவில்லை, நாலு பக்கமும் உருளுவது போலிருந்தது. மண்டபத்து அறையில் பவானி ஜமக்காளங்கள் அடுக்கி வைத்திருந்தார்கள். அவற்றை எடுத்து கோலுக்குப் பின்னால் கயிறு கட்டித் தொங்கவிட்டோம். எதிரொலி பாதிக்கு மேல் அடங்கிவிட்டது. தாண்டி வரும் பந்தும் அதில் மோதி அங்கேயே விழுந்தது.

சரி, எல்லாம் தயார் என்று நினைத்தேன். முதல் நாளே தப்பு செய்தேன்.

அந்தப் பெண் இந்த ஆட்டத்தில் கலக்குவாள் என்று எனக்கு நானே முடிவு கட்டியிருந்தேன். பார்வைக் குறைபாடு உள்ளவள், காது கூர்மையாக இருக்கும், வகுப்பு அசந்துபோகும் என்று ஒரு சினிமா எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முதல் அணியில் நடுவில் நிறுத்தினேன். கண்ணைக் கட்டிய அரை நிமிடத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பந்து வந்து காலில் பட்டும் அசையவில்லை. கட்டை அவிழ்த்துப் பார்த்தால் அழுதுகொண்டிருக்கிறாள்.

'கண்ணக் கட்டுனா எனக்கும் ஒன்னும் தெரியாதுங்க சார்' என்றாள்.

எவ்வளவு எளிய உண்மை! அவளுக்கு இருப்பது குறைந்த பார்வை, பார்வையே இல்லாமை அல்ல. அந்தச் சின்ன நடுப்பார்வையை வைத்துத்தான் அவள் பள்ளிக்கூடத்துக்கு வருகிறாள், படிக்கிறாள், ஆட்களை அடையாளம் காண்கிறாள். நான் கட்டியது அதைத்தான். வகுப்பிலேயே அதிகம் இழந்து நின்றது அவள்தான். அதோடு போகவில்லை. அன்று சாயந்திரம் அவளுடைய அமத்தா, அம்மாவைப் பெற்ற பாட்டி, பள்ளிக்கூடத்து வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். 'ஏனுங்க சாமி, கண்ணு முச்சூடும் போயிருமோன்னு புள்ள ராத்திரியெல்லாம் தூங்காமக் கெடக்கறா. நீங்க கண்ணக் கட்டி உக்கார வச்சா அவ என்னன்னு நெனைப்பா?' என்றார். என்னிடம் பதில் இல்லை.

காது கூர்மை என்பதும் தானாக வருவதில்லை. கேட்டுக் கேட்டுப் பழகுவதுதான். அவளுக்கு அந்தப் பழக்கம் அதுவரை தேவைப்படவில்லை.

அடுத்த வாரம் அவளிடம் போய், 'கண்ணு, நீ ஆட வேண்டாம். வேற என்ன செய்யலாம்னு நீயே சொல்லு' என்றேன். பந்து பொறுக்குகிறேன் என்றாள். மூன்று வாரம் கோலுக்குப் பின்னால் நின்று, தாண்டி வரும் பந்தை எடுத்துக் கொடுத்தாள். நாலாவது வாரம் அவளாகவே, கண்ணைக் கட்டாமல், பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்க ஆரம்பித்தாள். பந்து எந்தப் பக்கம் என்று முணுமுணுப்பதை நான் பார்த்தேன். ஆறாவது வாரம் தன் பெயர் எழுதிய துணியை எடுத்துக்கொண்டு வந்தாள். எந்த நேரமும் அவிழ்க்கலாம், அவளுக்கு மட்டும் பெனால்ட்டி கிடையாது என்று வகுப்பே பேசி முடிவு செய்தது. அவள் அதை ஒருமுறைதான் பயன்படுத்தினாள்.

மற்ற 35 பேருக்கு நடந்ததைச் சொல்கிறேன். வகுப்பில் மொத்தம் 36. மூன்று மூன்று பேராக 12 அணி. பீரியட் 45 நிமிடம். தயாராக 10 நிமிடம் போனால் மீதி 35. ஒரு ஆட்டம் 4 நிமிடம், ஆள் மாற்ற ஒரு நிமிடம் என்றால் ஏழு ஆட்டம். எல்லா அணிக்கும் ஒருமுறை, இரண்டு அணிக்கு மட்டும் இரண்டாவது முறை. பக்கத்தில் இன்னொரு களம் போட்டால் வேகமாக முடியுமே என்று தோன்றும். போடக் கூடாது. இரண்டு பந்தின் சத்தமும் கலந்துவிடும். ஆக எந்த நேரமும் 6 பேர் ஆட்டம், 30 பேர் உட்கார்ந்திருக்க வேண்டும். அதுவும் வாயைத் திறக்காமல்.

இந்த 30 பேர்தான் உண்மையில் பாடம் படித்தவர்கள் என்று இப்போது நினைக்கிறேன். கபடிக்குக் கத்தியே பழகிய பிள்ளைகள். முதல் சில ஆட்டத்தில் யாராவது 'ஏய் வருது வருது' என்று கத்துவார்கள், பந்து கோலுக்குள் போய்விடும். ஆடுகிறவன் எழுந்து, 'நீ கத்துனதுல எனக்குப் பந்தே கேக்கல' என்று சண்டைக்குப் போவான். கோல் விழுந்த பிறகுதான் கை தட்டலாம் என்பது அசல் ஆட்டத்திலும் உள்ள ஒழுங்கு. நடுவர் முதலில் அமைதி கேட்டுவிட்டுத்தான் ஆட்டத்தைத் தொடங்குவார். இரண்டு மூன்று வாரத்தில் பெஞ்சை இழுப்பது, பேனாவைத் தட்டுவது, காரணமில்லாமல் இருமுவது என்று ஒவ்வொன்றாகக் குறைந்தது. சத்தம் என்றால் ஆடுகிறவனுக்கு அது இருட்டு என்று யாரும் வகுப்பெடுக்க வேண்டியிருக்கவில்லை.

காது விஷயத்தில் பிள்ளைகளின் உள்ளுணர்வு தப்பாக இருந்தது. பந்து வருகிறது என்றால் தலையைத் திருப்பி ஒரு காதை முன்னால் நீட்டுவார்கள், ஃபோனில் சரியாகக் கேட்காதபோது செய்கிற மாதிரி. சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை இரண்டு காதுக்கும் அது வந்து சேரும் நேரத்திலும் அளவிலும் உள்ள சின்ன வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை கணிக்கிறது. நேர் எதிரே இருக்கும் சத்தத்தைத்தான் நம்மால் மிகத் துல்லியமாகப் பிரிக்க முடியும். பக்கவாட்டில் துல்லியம் குறைந்துவிடும். அதனால் முகத்தைப் பந்துக்கு நேராக வைக்கச் சொல்லிப் பழக்கினேன். சாய்ந்து விழுந்த பிறகு மட்டும் முகத்தைக் கைக்குப் பின்னால் திருப்பிக்கொள்ள வேண்டும், மூக்கில் அடிபடாமல் இருக்க. எங்கள் பிள்ளைகள் உருட்டும் பந்து 12 மீட்டரைக் கடக்க மூன்று விநாடி ஆகும். முதல் விநாடி கேட்க, இரண்டாவது விநாடி சாய, மூன்றாவது விநாடி அசையாமல் கிடக்க. அப்படிக் கிடக்கும் நிலைக்குப் பிள்ளைகள் 'பள்ளிகொண்ட பெருமாள்' என்று பெயர் வைத்தார்கள். பெருமாள் தலைக்குக் கையை அண்டக் கொடுத்திருப்பார், இவர்கள் கையை நீட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

கள்ளப் பார்வையும் உண்டு. கண்டுபிடிப்பது சுலபம். பந்தைக் கையில் வைத்துக்கொண்டே எறிவது போல் சத்தமில்லாமல் கையை வீசுவேன். மோவாயைத் தூக்கி மூக்கோரமாகப் பார்க்கிறவன் அந்த நொடியே பெருமாளாகிவிடுவான். வகுப்பு சிரிக்கும். யாரையும் நான் திட்டியதில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் பேச்சில் வந்தது. எங்கள் ஊர்ப் பேச்சில் திசை என்றால் அக்கட்ட, இக்கட்ட. 'அக்கட்டால போடா', 'இக்கட்ட வருது பாரு'. கூடவே விரலை நீட்டுவோம், அல்லது முகத்தைத் திருப்பிக் காட்டுவோம். கண்ணைக் கட்டியபின் அந்தச் சொல்லில் ஒன்றுமே இல்லை. முதல் நாள் ஒருவன் 'அங்க அங்க' என்று கத்த, மற்ற இருவரும் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து தலை முட்டிக்கொண்டார்கள். அடுத்து சோத்தாங்கை, பீச்சாங்கை என்று முயன்றார்கள். அது கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் சாய்ந்து எழுந்தவன் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறான் என்று அவனுக்கே தெரியாது. திரும்பி நின்றால் அவனுடைய சோத்தாங்கைப் பக்கமும் மாறிவிடும். ஒருவன் பந்தைத் தன் பக்கத்து ஜமக்காளத்தின் மேலேயே எறிந்தான்.

விடை அந்தப் பெண்ணிடமிருந்து வந்தது. 'வடக்கால, தெக்கால சொல்லலாமுங்க சார். அது மாறாதுல்லங்க' என்றாள். எங்கள் பக்கம் வீட்டில் பெரியவர்கள் சோற்றுப் பானையைக்கூட 'கெழக்கால நகத்தி வை' என்றுதான் சொல்வார்கள். சாயந்திரமானால் அவளுக்கு வழி சொல்லும் அமத்தாவும் அப்படித்தான் சொல்வாராம். எங்கள் களம் கிழக்கு மேற்காகப் போட்டது. அதனால் இரண்டு அணிக்கும் ஓரங்கள் வடக்கால, தெக்கால. சாய்ந்து எழுந்தவன் காலால் சணல் கயிற்றைத் தேடுவான், முதுகை கோல் கம்பத்தில் வைப்பான், தன் பெயரைச் சொல்வான், பிறகு திசையைச் சொல்வான். பெயர் முக்கியம். 'நான்' என்று சொன்னால் யார் என்று யாருக்குத் தெரியும்?

ஒரு ஆட்டத்தை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். எதிர் அணியில் வகுப்பிலேயே பலசாலியான பையன். அவன் எறிந்தால் பந்து அதிகம் குதிக்காமல் வழுக்கிக்கொண்டு வரும். குதித்துக் குதித்து வரும் பந்து ஒவ்வொரு முறை தரையில் படும்போதும் தான் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும், வழுக்கி வருவது காட்டாது. முதல் இரண்டு கோலை அவன் அப்படித்தான் அடித்தான். இந்தப் பக்கம் அவள் நடுவில். மூன்றாவது முறை பந்து வருவதற்கு முன்பே அவள் 'வடக்கால' என்றாள். மூவரும் வடக்குப் பக்கம் ஒரு எட்டு நகர்ந்து சாய்ந்தார்கள். பந்து அவள் முழங்காலில் பட்டு நின்றது. அடுத்ததும் அப்படியே. ஆட்டம் முடிந்து எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். 'அவன் எறியறதுக்கு முன்னாடி மூணு எட்டு ஓடி வருவானுங்க சார். பந்துக்கு முன்னாடி காலு கேக்குது' என்றாள். நான் அத்தனை வாரமும் பந்தை மட்டும்தான் கேட்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த ஆட்டத்தில் அவர்கள் ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றார்கள் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

வகுப்பறையில் நடந்தது நான் திட்டமிட்டதில்லை. கணக்கு டீச்சர் ஒருநாள் ஆசிரியர் அறையில் என்னைப் பிடித்துக்கொண்டார். 'என்னங்க சார் சொல்லிக் கொடுத்தீங்க? இதையும் இதையும் கூட்டுனா இது வரும்னு போர்டுல எழுதிட்டுச் சொன்னா, பின் பெஞ்சிலிருந்து ஒருத்தன், டீச்சர், அக்கட்ட இக்கட்ட செல்லாதுங்க, நம்பரச் சொல்லுங்கன்றான்.' அவருக்குக் கோபம் பாதி, சிரிப்பு பாதி. இப்போது எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுகிறார். நன்றாகக் கண் தெரிகிற பிள்ளைகளும் அதனால் நோட்டில் தப்பில்லாமல் எழுதுகிறார்கள் என்று அவரே சொன்னார்.

ஆனால் ஒரு கேள்வியை கோல்பால் தீர்க்கவில்லை. போர்டு தெரிகிறது, பை தெரியவில்லை என்ற அந்தக் கேள்வி. களத்தில் எல்லோருக்கும் ஒரே இருட்டு. உண்மையில் பார்வைக் குறைபாடு என்பது ஒரே இருட்டு இல்லை. சிலருக்கு நடு மறைந்து ஓரம் தெரியும், சிலருக்கு ஓரம் மறைந்து நடு தெரியும், சிலருக்கு வெயிலில் கண் கூசி எல்லாமே வெளுத்துப்போகும். கோல்பால் வகைப்பாட்டிலேயே பி1, பி2, பி3 என்று மூன்று உண்டு. பி3-யில், எழுத்து ஓரளவு தெரிந்தாலும், பார்வைப் பரப்பு 40 டிகிரிக்குள் சுருங்கியவர்களும் வருவார்கள். அவளைப் போன்றவர்கள்.

இதை அவளே ஒருநாள் தீர்த்தாள். ஒரு நோட்டுத் தாளைச் சுருட்டிப் பக்கத்தில் இருந்த பெண்ணின் கண்ணில் வைத்தாள், இன்னொரு கண்ணை மூடச் சொன்னாள். 'போர்டு தெரியுதா? தெரியுதல்ல. இப்ப உன்ற பை எங்கன்னு தலையத் திருப்பாமச் சொல்லு.' அந்தப் பெண் திணறினாள். குழல் பெரிதாக இருக்கிறது என்று வாங்கி, இன்னும் இறுக்கிச் சுருட்டிக் கொடுத்தாள். 'இத்தாச்சோடுதான் எனக்கு' என்றாள். தாள் வகுப்பு முழுக்கச் சுற்றி வந்தது. டிசம்பர் 3-ல் நான் நடத்தியதும் கண்ணை மறைக்கும் வேலைதான். ஆனால் இதில் மறைப்பின் அளவை அவள் சொன்னாள், கேள்வி அவர்களுடையதாக இருந்தது. இரண்டு நிமிடத்தில் முடிந்தது. மறுநாளிலிருந்து பைகள் பெஞ்சுக்கு அடியில் போயின. யாரும் சொல்லவில்லை. ஒருவேளை சிறப்பாசிரியர் சொல்லியிருக்கலாம், எனக்குத் தெரியாது.

கடைசியாக நடந்த ஷட்டவுன் நாளில் ஏழாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் ஆட்டம். மண்டபத்தில் விளக்கு இல்லை, விசிறி இல்லை, ஜன்னலை எல்லாம் சாத்தியாயிற்று. இருட்டைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. நூறு பிள்ளைகள் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், மூச்சுச் சத்தம் மட்டும். மூன்றுக்கு மூன்று. அவள் பந்தைக் கையில் வாங்கி, முதுகால் கம்பத்தைத் தொட்டு, தெற்கே இரண்டு எட்டு நகர்ந்தாள். வெறுங்கால் என்பதால் அது எதிர் அணிக்குக் கேட்டிருக்காது. கையைப் பின்னால் இழுத்தாள்.

மேலே விசிறி ஒருமுறை முனகியது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தறி தடதடவென்று எடுத்தது, அடுத்து நாலு, அடுத்து நாற்பது. தெருவில் யாரோ சந்தோஷமாகக் கூவினார்கள். மண்டபத்துக்குள் நூறு பிள்ளைகளும் ஒரே குரலில், 'ஐயோ, கரெண்டு வந்துருச்சுங்க சார்!'